வழக்கின் நகலை வெளியே அனுப்பும் முன்

வன்கொடுமை வழக்கொன்றில் முதல் தகவல் அறிக்கையின் நகல் கைக்கு வந்ததும் நாங்கள் செய்யும் முதல் வேலை, அதைக் கைபேசியில் படம் எடுத்துச் செய்தியாளர்கள் குழுவில் போடுவதுதான். பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்துவந்தோம். புகாரை வாங்கவே மறுக்கும் நிலையங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தத் தாள் ஒரு வெற்றி. அதை ஊரறியக் காட்ட வேண்டும் என்றே தோன்றும். அந்தப் பழக்கத்தால் ஒரு வழக்கில் இரண்டு சாட்சிகளை நாங்களே இழந்தோம். அதைச் சொல்லத்தான் இந்த வாரக் கட்டுரை.

ஊர்ப் பக்கத்துத் தேநீர்க் கடையில், வண்டியை நிறுத்தியதில் தொடங்கிய வாய்த்தகராறில், கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளை ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டி அடித்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளும் சேர்க்கப்பட்டு வழக்குப் பதிவானது. இந்த இரு பிரிவுகளிலும், இழிவுபடுத்தியது பொதுமக்கள் பார்வையில் நடந்தது என்று நிறுவியாக வேண்டும். அதற்கு, பாதிக்கப்பட்டவரின் உறவினர் அல்லாத ஒருவர் நேரில் பார்த்திருந்தால் வழக்குக்குப் பெரும் பலம். இந்த வழக்கில் அப்படி இருவர் இருந்தார்கள். ஒருவர் வேறு சமூகத்தைச் சேர்ந்த சரக்கு ஆட்டோ ஓட்டுநர். இன்னொருவர் கூலி வேலைக்குப் போகும் வழியில் தேநீருக்கு நின்ற பெண்.

புகாரை எழுதிக் கொடுத்தது நாங்கள்தான். முழுமையாக இருக்கட்டும் என்று இருவரின் பெயர், கைபேசி எண், அந்தப் பெண் யாருடைய வயலில் வேலை செய்கிறார் என்பதுவரை எழுதியிருந்தோம். பிற்பகலில் நகலைச் செய்தியாளர்களுக்கு அனுப்பினோம். இருட்டுவதற்குள் அது அதே ஊரின் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை அந்தப் பெண்ணை 'இனி வேலைக்கு வர வேண்டாம்' என்று திருப்பி அனுப்பினார்கள். ஓட்டுநருக்கு விடிய விடிய அழைப்புகள். விசாரணைக்கு வந்த துணைக் கண்காணிப்பாளரிடம் இருவரும் 'நாங்கள் எதையும் பார்க்கவில்லை' என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

பிறகு உட்கார்ந்து யோசித்தோம். செய்தியாளருக்கு அந்தத் தாளில் என்ன தேவைப்பட்டது? எந்த நிலையம், எந்தத் தேதி, எந்தெந்தப் பிரிவுகள், குற்றம் சாட்டப்பட்டவர்கள் எத்தனை பேர், கைது நடந்ததா இல்லையா. இவ்வளவுதான். சாட்சியின் கைபேசி எண்ணை வைத்து அவர் செய்தி எழுதப்போவதில்லை. ஆனால் அந்த எண் தேவைப்பட்ட வேறு சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு அதை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம்.

இப்போது ஒவ்வொரு வழக்குக்கும் இரண்டு நகல் வைக்கிறோம். ஒன்று முழு நகல். அது மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், ஆதிதிராவிடர் நல அலுவலர், ஆணையம், நம் வழக்கறிஞர் ஆகியோருக்கு மட்டும் போகும். அவர்களுக்கு மை பூசிய நகலை அனுப்பினால் நிவாரணமும் நடவடிக்கையும்தான் தாமதமாகும். மற்ற எல்லோருக்கும், அதாவது செய்தியாளர், தோழமை அமைப்புகள், ஆய்வு மாணவர்கள், கட்சி நண்பர்கள் ஆகியோருக்கு மறைத்த நகல் மட்டும்.

மறைக்க வேண்டியது பெயரை மட்டுமல்ல. முதல் தகவல் அறிக்கையில் புகார்தாரருக்கான பகுதியில் தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த ஆண்டு, தொழில், முகவரி எல்லாம் இருக்கும். நம் ஊர்களில் தெருப் பெயரே சாதியைச் சொல்லிவிடும். வீட்டு எண்ணும் சேர்ந்தால் ஆளைக் காட்டிவிடும். அதன்பின் புகாரின் உள்ளடக்கம் வருகிறது. மேலே கட்டத்தில் மறைத்த பெயர் இங்கே பத்து இடங்களில் திரும்ப வரும். கடைசியில் கையொப்பம், அல்லது கைநாட்டுக்கு அருகில் எழுதிய பெயர். நிவாரணத்துக்காக இணைத்த சாதிச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதார் நகல் ஆகியவை வெளியே போகவே தேவையில்லை.

பெயரை அழித்தும் ஆள் தெரிந்துவிடுவதுதான் கிராமத்தில் பெரிய சிக்கல். 'பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் கணவரை இழந்த பெண்' என்று ஒரு வரி விட்டுப்போனால் போதும். ஊரில் அப்படி ஒருவர்தான் இருப்பார். நகரத்தில் உட்கார்ந்து படிப்பவருக்கு அது தெரியாது, ஊர்க்காரருக்கு உடனே தெரியும். அதனால் மறைத்த நகலை அந்தப் பகுதியை அறிந்த, நம்பகமான ஒருவரிடம் கொடுத்து, 'இது யார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்' என்கிறோம். அவர் சரியாகச் சொல்லிவிட்டால், எந்த வரியை வைத்துக் கண்டுபிடித்தார் என்று கேட்டு அதையும் மறைக்கிறோம். மறைத்த இடங்களில் சாட்சி 1, சாட்சி 2 என்று எழுதிவிடுவதால் படிப்பவருக்கு நடந்தது குழம்புவதில்லை.

அடுத்தது, எப்படி மறைப்பது. மூலத்தில் கை வைக்கவே கூடாது. முதலில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் மார்க்கரால் பூசிவிட்டு அப்படியே படம் எடுத்தால், மைக்கு அடியில் அச்செழுத்து மினுமினுப்பாகத் தெரியும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பின்பக்கம் வழியாகவும் படிக்கலாம். எங்களுக்குக் கைவந்த வழி இது: வெள்ளைத் தாளைக் கீற்றுகளாக வெட்டி, மறைக்க வேண்டிய வரிகளின்மேல் ஒட்டி, அந்தப் பக்கத்தை மறுபடி ஜெராக்ஸ் எடுப்பது. இரண்டாவது ஜெராக்ஸில் அடியில் இருந்த எழுத்து இருக்காது. கீற்று மெல்லியதாக இருந்தால் எழுத்து லேசாகத் தெரியும், அப்போது இரண்டாக மடித்து ஒட்ட வேண்டும். அனுப்புவது இந்த இரண்டாவது நகலைத்தான்.

கைபேசியிலேயே மறைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். படத்தின்மேல் விரலால் கோடு போடும்போது, ஹைலைட்டர் போன்ற தூரிகையைத் தேர்ந்தெடுத்தால் அது முழுக் கருப்பு அல்ல. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து மேலே வந்துவிடும். முழுதாக நிரப்பிய கருப்புக் கட்டம்தான் வேண்டும். பிடிஎஃப் கோப்பில் இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. கருப்புக் கட்டம் மேலே இருக்கும், எழுத்து அடியில் அப்படியே இருக்கும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் பால் மானஃபோர்ட் என்பவரின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில் இதுதான் நடந்தது. கருப்பாக இருந்த பகுதியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டியதும் மறைத்த வரிகள் எல்லாம் தெரிந்துவிட்டன. நீங்களும் அனுப்பும் முன் அதையே செய்து பாருங்கள். கருப்புப் பகுதியை அழுத்திப் பிடித்துத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, ஒரு குறுஞ்செய்தியில் ஒட்டுங்கள். எழுத்து வந்தால் அந்தக் கோப்பு மறைக்கப்படவில்லை என்று பொருள். அச்செடுத்து மறுபடி ஸ்கேன் செய்தால் இந்தத் தொல்லை இல்லை. கோப்பின் பெயரையும் பாருங்கள். உள்ளே எல்லாம் மறைத்துவிட்டு, கோப்புக்குப் பாதிக்கப்பட்டவரின் பெயரையே வைத்து அனுப்பியவர்கள் எங்களிலேயே உண்டு.

பாலியல் வன்கொடுமை வழக்கு என்றால் மறைத்த நகல்கூட வெளியே போகக் கூடாது. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு பெயர், முகவரி, படம் மட்டுமின்றிக் குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி ஆகியவற்றையும் வெளியிடத் தடை செய்கிறது. இவ்வகை வழக்குகளின் முதல் தகவல் அறிக்கை பொதுவெளிக்கு வரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில், நிபுண் சக்சேனா வழக்கில் சொல்லியிருக்கிறது. நீதி கேட்டு ஒட்டும் சுவரொட்டிக்கும் இது பொருந்தும். இவற்றில் செய்தியாளருக்கு நம் சொற்களில் எழுதிய அரைப்பக்கக் குறிப்பு போதும்.

மறைப்பதற்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறோம். குற்றம் சாட்டப்பட்டவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல் பெறும் உரிமை இருக்கிறது. குற்றப்பத்திரிகை தாக்கலானபின் சாட்சிகளின் வாக்குமூலங்களும் அவர் கைக்குப் போகும். மேலும், பாலியல் குற்றம் போன்ற சில வகை வழக்குகள் தவிர மற்ற முதல் தகவல் அறிக்கைகள் காவல்துறை இணையதளத்தில் ஏற்றப்படுகின்றன. நாம் மை பூசுவதால் எதிரிக்குத் தெரியாமல் போய்விடாது. சாட்சி விவரம் எத்தனை பேர் கைக்குப் போகிறது, எவ்வளவு விரைவில் போகிறது என்பதைத்தான் அது குறைக்கும். விசாரணை அதிகாரி வாக்குமூலம் வாங்கும்வரை சாட்சி தைரியமாக நிற்க அந்த நாட்கள் தேவை.

ஆகவே உண்மையான பாதுகாப்பு புகார் எழுதும்போதே தொடங்குகிறது. சாட்சியின் பெயரைப் புகாரில் விட்டுவிட்டால், பின்னால் சேர்த்த பொய்ச்சாட்சி என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஆகவே பெயர் இருக்கட்டும். கைபேசி எண்ணும் வேலை செய்யும் இடமும் வேண்டாம். அவற்றைத் தனித்தாளில் எழுதி விசாரணை அதிகாரியிடம் நேரில் கொடுக்கலாம். மிரட்டல் வந்தால், 2015 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 15ஏ(8) பிரிவைக் காட்டிச் சிறப்பு நீதிமன்றத்தில் மனு போடலாம். பொதுமக்கள் பார்க்கக்கூடிய வழக்கு ஆவணங்களில் சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்க உத்தரவிட அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

எங்கள் அமைப்பில் இப்போது முழு நகல்கள் ஒரே ஒருவரின் பொறுப்பில், பூட்டிய பெட்டியில் இருக்கின்றன. எந்த நகல், எந்தத் தேதியில், யாருக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதுகிறோம். மறைத்த நகலை அனுப்பும் முன் புகார்தாரரை உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுகிறோம். போன மாதம் ஓர் அம்மா கேட்டுக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். 'எங்க வீட்டுக்கு எதிர்ல இருக்கிற வேப்பமரத்தைப் பத்தி எழுதியிருக்கீங்களே, எங்க தெருவுல மரம்னா அது ஒண்ணுதான் தம்பி' என்றார். நாங்கள் மூன்று பேர் படித்தும் அது எங்கள் கண்ணில் படவில்லை. அந்த வரியின்மேலும் ஒரு கீற்றை ஒட்டினோம்.