அனுப்புநர் இருக்கிறார், கோரிக்கை எங்கே?

பிள்ளைகளே, உறவுகளே, கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

பேத்தியின் பத்தாம் வகுப்புத் தமிழ்த் திருப்புதல் தேர்வுத் தாளைப் பார்த்தேன். தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம். அனுப்புநர், பெறுநர், பொருள், விளி, இடம், நாள், உறைமேல் முகவரி என எல்லாம் அதனதன் இடத்தில். ஐந்துக்கு ஐந்து!

நடுவில் என்ன இருக்கிறது? "எங்கள் பகுதியில் விளக்குகள் எரியவில்லை. மக்கள் அவதிப்படுகிறார்கள். உடனே நடவடிக்கை எடுக்காவிட்டால் போராடுவோம்." எந்தத் தெரு? எத்தனை கம்பம்? எத்தனை நாளாக? ஆணையர் ஆளை எங்கே அனுப்புவார்? அதிலும் விண்ணப்பத்தில் மிரட்டல் வேறு.

அவள் தோழி இடமும் நாளும் எழுத மறந்துவிட்டாள். ஆனால், "கிணற்றுத் தெருவில் மூன்று கம்பங்களில் பத்து நாள்களாக விளக்கு எரியவில்லை, சரிசெய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கு மூன்று.

நாள் இல்லாததற்குக் குறைக்கத்தான் வேண்டும். தேதியில்லாமல் 'பத்து நாள்களாக' என்றால் எதிலிருந்து எண்ணுவது? அதற்காக இரண்டு மதிப்பெண்ணா?

"விடைக்குறிப்பு அப்படித்தான், சார்" என்பீர்கள். கட்டுக்கட்டாய்த் தாள் திருத்தியவன்தான் நானும். தலைப்புகளுக்கு டிக் அடிப்பது சுலபம். நான் மேலும் கீழும் கையால் மறைத்துவிட்டு நடுப்பகுதியை முதலில் படிப்பேன். அதை வைத்து ஓர் அலுவலர் வேலையைத் தொடங்க முடியுமா என்று பார்த்த பிறகுதான் அமைப்புக்கு வருவேன்.

"நடுவை மட்டும் திரும்ப எழுது" என்றேன் பேத்தியிடம். "அதான் முழு மார்க் வந்திருச்சே, தாத்தா" என்கிறாள். ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, இதற்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.