வரி கட்டினால்தான் லாபம் வருமா, தம்பி?

ஆசிரியர் அவர்களுக்கு,

இணைய முதலீட்டு மோசடி பற்றிய தங்கள் கட்டுரை எங்கள் வீட்டுக் கதைதான். வாட்ஸ்அப்பில் அறிமுகமானவர் பேச்சை நம்பி என் தம்பி பணம் அனுப்பி வருகிறான். நேரில் சொன்னால் சண்டையாகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தம்பி, முதலில் போட்ட 5,000 ரூபாய் 6,200 ஆகத் திரும்பி வந்தது நிஜம்தான். அது தூண்டில் புழு. அடுத்து அனுப்பிய இரண்டு லட்சம், செயலியில் ஒன்பது லட்சமாகத் தெரிகிறது. எடுக்கப் போனால் 90,000 ரூபாய் வரி கேட்கிறார்கள். லாபத்துக்கான வரியை அரசுக்குத்தான் கட்டுவோம், அவர்கள் சொல்லும் கணக்குக்கு அல்ல. உன் பாஸ்புக்கைப் பார்த்தேன். நான்கு தடவை அனுப்பியிருக்கிறாய். நான்கும் வெவ்வேறு ஆட்கள் பெயரில். எந்தப் பங்குத் தரகர் அப்படிப் பணம் வாங்குவார்?

எனக்குக் கோபமில்லைடா. அந்த 90,000-ஐ அனுப்பாதே. இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசு. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வழியுண்டு. பக்கத்தில் நான் இருக்கிறேன்.

ஐயா, 1930 என்ற எண்ணையும் cybercrime.gov.in என்ற முகவரியையும் இதழ்தோறும் கட்டம் கட்டி வெளியிடுங்கள்.

– ஓர் அக்கா, மதுரை