பாரிஸ் அக்காவும் கல்கத்தா நம்பரும்



மண்ணூருக்கு நான் வந்து எட்டு வருடம் ஆகிறது. மகனுக்கு ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை. பென்ஷன்காரனான நானும் மனைவியும் அவனோடு வந்துவிட்டோம். என் அக்கா பாரிஸில் இருக்கிறாள். புதுச்சேரிக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு இப்படி ஓர் அக்காவோ சித்தப்பாவோ அங்கே இருப்பார்கள். அவளுக்கு வாட்ஸ்அப் பழக்கமில்லை. லா ஷப்பேல் பக்கம் கடையில் விற்கும் காலிங் கார்டை வாங்கி, வீட்டுப் போனிலிருந்து கூப்பிடுவாள்.

மூன்று வருடம் முன்பு ஓர் இரவு என் செல்லில் ஏழு மிஸ்டு கால். ஏழும் ஏழு நம்பர். நான்கு பீகார் என்று காட்டியது, இரண்டு ஒடிசா, ஒன்று கல்கத்தா லேண்ட்லைன் மாதிரி இருந்தது. "எடுக்காதீங்க, பேங்க் மோசடிக்காரனுங்க" என்றாள் என் மனைவி. நானும் எடுக்கவில்லை. காலையில் புதுச்சேரியிலிருந்து தங்கை அழுதுகொண்டே சொன்னாள்: மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், இரவே போய்விட்டார். ஏழு தடவை கூப்பிட்டதும் அக்காதான்.

"தம்பி, நான் கூப்பிட்டா நீ ஏன்டா எடுக்கல?" என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. பாரிஸிலிருந்து கூப்பிட்டால் பீகார் நம்பர் ஏன் வருகிறது? அரசாங்கக் கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் நான். விசாரித்துப் பார்த்தபோது இதுவும் ஒரு கணக்கு வழக்குதான் என்று தெரிந்தது.

பழைய காலத்திலிருந்து தொடங்குகிறேன். 1865-ல் பாரிஸில் 20 நாடுகள் கூடித் தந்தி ஒப்பந்தம் போட்டன. நாடுகளுக்கிடையே கணக்குத் தீர்க்க பிராங்கை அளவாக வைத்துக்கொண்டன. பிறகு அதுவே 'தங்க பிராங்க்' ஆனது. அப்படி ஒரு நாணயம் யார் கையிலும் இருக்காது. கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருக்கும். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு, ஒவ்வொரு நாட்டின் பங்குக்கும் அவர்கள் வைத்த 'கோத் பார்' என்ற பெயரைப் பார்த்ததும் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிட்டது.

கணக்கு இப்படி. ஒரு நிமிடத்துக்கு 3 தங்க பிராங்க் என்று இரு நாடுகளும் பேசி வைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு எந்தப் பக்கமிருந்து போனாலும் ஆளுக்குப் பாதி, ஒன்றரை. நம்மிடமிருந்து பிரான்சுக்கு 1000 நிமிடம் போய், அங்கிருந்து 3000 நிமிடம் வந்தால் வித்தியாசம் 2000 நிமிடம். பிரான்ஸ் நமக்கு 3000 தங்க பிராங்க் தரவேண்டும். வருகிற அழைப்பு அதிகமென்றால் நமக்கு அந்நியச் செலாவணி. இங்கே வெளிநாட்டு அழைப்புக்கு ஒரே வாசல்தான் இருந்தது. 1986 முதல் 2002 மார்ச் வரை அந்த வாசல் விதேஷ் சஞ்சார் நிகாம், வி.எஸ்.என்.எல். வாசல் ஒன்று என்றால் கணக்கும் ஒன்று. திருட்டுக்கு இடம் குறைவு.

2002 ஏப்ரலில் தனியாரும் வந்தார்கள். இப்போது பாரிஸ் அழைப்பு எப்படி வருகிறது? கார்டு கம்பெனி அதை ஒரு மொத்த வியாபாரியிடம் கொடுக்கும். அவர் இன்னொருவரிடம் கொடுப்பார். நிமிடத்துக்குக் காசு வைத்துக் கைமாறி, கடைசியில் இந்தியாவின் சர்வதேசக் கம்பெனி ஒன்றுக்கு வரும். அது என் செல் கம்பெனிக்கு 'முடிப்புக் கட்டணம்' தரவேண்டும். அழைப்பை எங்கள் வீட்டுக் காதுவரை கொண்டுவந்து முடித்துக் கொடுப்பதற்கான கூலி அது.

நம்பர் மாறுவதன் ஊற்றுக்கண் இந்தக் கூலியில்தான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கு அது 2015-ல் நிமிடத்துக்கு 53 பைசா, 2018-ல் 30 பைசா. 2020 மே முதல் 35 பைசாவிலிருந்து 65 பைசாவுக்குள் கம்பெனிகளே பேசி வைத்துக்கொள்ளலாம் என்று டிராய் சொல்லிவிட்டது. ஆனால் உள்நாட்டு அழைப்புக்கு அதே கூலி 2021 ஜனவரி முதல் பூஜ்யம். அதே செல், அதே காது. வெளிநாட்டு அழைப்பென்றால் 65 பைசா வரை, உள்ளூர் அழைப்பென்றால் ஒன்றுமில்லை. அப்படியானால் வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக வேஷம் போட வைத்தால் லாபம்தானே?

அந்த வேஷத்தைப் போடும் கருவிதான் சிம் பாக்ஸ். ஏதோ ஓர் ஊரில் வாடகை அறை, ஒரு பெட்டி, அதில் வரிசையாக சிம் கார்டுகள். பாரிஸ் அழைப்பு இன்டர்நெட் வழியாக அந்தப் பெட்டிக்கு வரும். பெட்டி ஏதோ ஒரு சிம்மிலிருந்து என்னைக் கூப்பிடும். என் செல்லில் தெரிவது அந்தச் சிம்மின் நம்பர்தான். அக்கா கூப்பிட்ட ஏழு தடவையில் ஆறு தடவை சிம் மாறி மாறி வந்திருக்கிறது.

குமாஸ்தா புத்தி, கணக்குப் போடாமல் இருக்க முடியாது. பெட்டியில் 32 சிம், ஒவ்வொன்றும் நாளைக்கு 5 மணி நேரம் பேசினால் மொத்தம் 9600 நிமிடம். நிமிடத்துக்கு 65 பைசா மிச்சம் என்றால் ஒரு நாளைக்கு 6,240 ரூபாய், மாதம் 1,87,200. அன்லிமிடெட் ரீசார்ஜ் போட்டுவிட்டால் பேசும் நிமிடத்துக்குத் தனிச் செலவில்லை. ஓர் அறைக்கு இது நல்ல வருமானம்.

இது புதிதல்ல. 2004 பிப்ரவரியில் வெளிநாட்டு அழைப்பின் மேல், கிராம லேண்ட்லைன்களின் நஷ்டத்தை ஈடுகட்ட, நிமிடத்துக்கு 4 ரூபாய் 25 பைசா தனிக் கட்டணம் இருந்தது. அந்தக் காலத்தில்தான், வெளிநாட்டு அழைப்புகளை உள்ளூர் நம்பரோடு அனுப்பியதாக ரிலையன்ஸ் இன்ஃபோகாமுக்குத் தொலைத்தொடர்புத் துறை 150 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அது ஒரு சேவைத் திட்டம்தான் என்று கம்பெனி வாதாடியும் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. சுவர் எவ்வளவு உயரமோ, ஏறிக் குதிப்பவனுக்கு அவ்வளவு லாபம். அந்தத் தனிக் கட்டணம் படிப்படியாகக் குறைந்து 2008-ல் ஒழிந்தது.

சரி, ஏழாவதாக வந்த கல்கத்தா நம்பர்? அது வேறு கதை. அதில் திருட்டே இல்லாமலும் இருக்கலாம். அழைப்போடு நம்பர் வரும்போது, 'இது வெளிநாட்டு எண்' அல்லது 'இது உள்நாட்டு எண்' என்று ஒரு குறிப்பும் சேர்ந்து வரும். நாலு கை மாறுவதில் அந்தக் குறிப்பு தவறிப்போனால், வெறும் இலக்கங்கள் மட்டும் மிஞ்சும். பிரான்சின் நாட்டுக் குறியீடு 33. கல்கத்தாவின் எஸ்.டி.டி. குறியீடும் 33! அதே போல இங்கிலாந்துக்கு 44, நம் சென்னைக்கும் 44. லண்டன் பேரன் கூப்பிட்டால் சென்னை லேண்ட்லைன் போலத் தெரிவது இதனால்தான். கண்டுபிடிக்க வழி உண்டு, எண்ணிப் பாருங்கள். குறியீட்டோடு சேர்த்துக் கல்கத்தா, சென்னை லேண்ட்லைனுக்கு 10 இலக்கம். 33-ல் தொடங்கி 11 இலக்கம் இருந்தால் அது பிரான்ஸ். 44-ல் தொடங்கி 12 இருந்தால் பெரும்பாலும் இங்கிலாந்து. அந்த இரவு நான் எண்ணிப் பார்க்கவில்லை. மறுநாள் எண்ணினேன், 11.

சிம் பாக்ஸ் அழைப்பை இலக்கம் எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. அது உண்மையான உள்நாட்டு நம்பர். ஆனால் ஒரே ஆள் ஒவ்வொரு தடவையும் வேறு நம்பரில் வருவார். குரல் தாமதித்துக் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். திரும்பக் கூப்பிட்டால் அவர் கிடைக்கவே மாட்டார். கம்பெனிக்காரர்களும் இப்படித்தான் பிடிக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து தங்கள் சோதனை எண்ணுக்கே கூப்பிட்டு, எந்த நம்பர் வந்து விழுகிறது என்று பார்ப்பார்கள். நாளெல்லாம் பேசிக்கொண்டே இருக்கும், யாரும் கூப்பிடாத, ஒரே டவரை விட்டு நகராத சிம்களையும் தேடுவார்கள்.

மூன்றாவது வகை நிஜமான மோசடிக்காரன். அவன் வெளிநாட்டில் இருந்துகொண்டு +91 என்று பொய் நம்பர் ஒட்டி அனுப்புகிறான். இதைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு ஓர் ஏற்பாடு செய்தது. முதல் 24 மணி நேரத்திலேயே 1.35 கோடி அழைப்புகள் தடுக்கப்பட்டன என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் அது காவல் நிற்பது வெளிநாட்டு வாசலில். சிம் பாக்ஸ் அழைப்போ வீட்டுக்குள்ளிருந்தே வருவது போல வரும்.

என் கருத்து இதுதான். வெளிநாட்டு அழைப்புக்குக் கூலியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வளைகுடா நாடுகள் நம்மிடம் பல மடங்கு வாங்கும்போது நாம் மட்டும் இலவசமாகக் கொடுத்தால், லாபம் அங்குள்ள கம்பெனிக்குத்தான். அக்காவின் கார்டு விலை குறையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் 65 பைசாவுக்கும் பூஜ்யத்துக்கும் இடையே இவ்வளவு பள்ளம் வைத்தால் அதில் பெட்டி வைப்பவன் வருவான். 35 பைசாவோடு நிறுத்தினால் அவன் லாபத்தில் பாதி போய்விடும். அடுத்தது, வெளிநாட்டு வாசல் வழியாக வரும் ஒவ்வொரு அழைப்பிலும் 'வெளிநாட்டு அழைப்பு' என்று எழுதிக் காட்டட்டும். நம்பர் சந்தேகமென்றால் அதைக் காட்டாமல் விடட்டும். பொய் நம்பரைவிட வெற்றிடம் மேல். கார்டு விற்பவரும் 'உங்கள் நம்பர் தெரியாது' என்று அட்டையிலேயே அச்சடிக்கட்டும். மொத்த வியாபாரத்தில் நம்பர் காட்டும் வழி ஒரு விலை, காட்டாத வழி குறைந்த விலை என்று அவர்கள் தெரிந்தே வாங்குகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து உள்நாட்டு நம்பரில் அழைப்பு வந்தால் 1963-க்கோ, சஞ்சார் சாத்தி தளத்திலோ சொல்லலாம். நான் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு. அக்கா ஒரு மணி அடித்து வைத்துவிட்டு, உடனே மறுபடி கூப்பிடுவாள். எந்த ஊர் நம்பராக இருந்தாலும் எடுத்துவிடுவேன். முதல் கேள்வி, "அக்கா, நம்ம வீட்டுப் பசுவுக்கு என்ன பேரு?" அவள் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன், மன்னிக்கவும்.