‘வருந்துகிறோம்’ என்று எழுதும்போது

பிடோக் 85 உணவங்காடியில் போன வாரம் தோழி ஒருத்தியோடு உட்கார்ந்திருந்தேன். சிறிய துணைப்பாட நிலையம் நடத்துகிறாள். ஓர் ஆசிரியர் வேலைக்கு ஐந்து பேரை நேர்காணல் செய்து, ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தாள். மற்ற நால்வருக்கு அனுப்பும் மின்னஞ்சலைக் கைப்பேசியில் காட்டி, “நீதான் வார்த்தைகளோடு பிழைக்கிறவள், பார்த்துச் சொல்லேன்” என்றாள்.

நீளமாக, அன்பாகத்தான் எழுதியிருந்தாள். ஆனால் இரண்டு வரிகள் என்னை உறுத்தின. ஒன்று, “சிறு பிள்ளைகளுக்கு ஈடுகொடுக்க இளையவர் ஒருவர் தேவைப்பட்டார்.” மற்றது, “அடுத்த இடம் காலியானதும் கட்டாயம் அழைக்கிறோம்.”

முதல் வரியில் வயதைக் காரணமாக எழுத்திலேயே கொடுத்துவிட்டாள். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், வயது, இனம், குடும்பப் பொறுப்பு போன்றவற்றைக் காட்டி ஒருவரை ஒதுக்கக்கூடாது என்கிறது. 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. ஆனால் நியாயமான வேலை நியமனத்துக்கான முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகள் சிறிய கடைக்கும் பொருந்தும். “அவள் அம்பது வயசுக்காரி, மனசு நோகக்கூடாதுன்னுதான் எழுதினேன்” என்றாள் தோழி. படிக்கிறவருக்கு அங்கேதான் நோகும்.

இரண்டாவது வரி என் சொந்தக் கதை. பட்டம் முடித்த புதிதில் ஓர் இடத்திலிருந்து “விரைவில் உங்களைத் தொடர்புகொள்வோம்” என்று மறுப்பு வந்தது. நான் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு மாதம், தெரியாத எண் அழைத்தபோதெல்லாம் ஓடிப்போய் எடுத்தேன்.

தே தாரிக் ஆறுவதற்குள் இப்படி மாற்றினோம்:

“வணக்கம் திருமதி ____. செவ்வாய்க்கிழமை எங்களைச் சந்திக்க நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆசிரியர் பணிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துள்ளோம். நான்காம் வகுப்புப் பாடத்தை நீங்கள் நடத்திக் காட்டியதற்கும் நன்றி. உங்கள் முயற்சிகளுக்கு வாழ்த்துகள்.”

முடிவு இரண்டாம் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. காரணம் இல்லை, வாக்குறுதியும் இல்லை. பாடத்தைப் பற்றிய வரி மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் இது அச்சடித்த கடிதமாகத் தெரியாது. அந்த வரியில் “மிக அருமை” என்று எழுதவும் நான் விடவில்லை. அருமை என்றால் பிறகு ஏன் எடுக்கவில்லை என்று கேள்வி வரும். யாராவது அழைத்துக் காரணம் கேட்டால், வேலை தொடர்பான ஒன்றை மட்டும் சொல்லலாம். உதாரணமாக, பாடம் குறித்த நேரத்தில் முடியவில்லை என்பது.

“இப்பவே அனுப்பட்டுமா?” என்றாள். தேர்வானவர் கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டேன். இல்லையாம், வெள்ளிக்கிழமைதான் போடுவார். அவர் பின்வாங்கினால் இரண்டாவது நபரைத்தானே கூப்பிட வேண்டும்? எனவே மூவருக்கு அன்றே அனுப்பினோம். இரண்டாமவருக்கு மட்டும், “முடிவை வெள்ளிக்கிழமை தெரிவிக்கிறோம்” என்று ஒரு வரி போனது.

வெள்ளி மாலை எனக்கும் குறுஞ்செய்தி வந்தது. கையெழுத்தாகிவிட்டதாம். அந்த நான்காவது மின்னஞ்சலையும் அவள் அன்றே அனுப்பிவிட்டாள்.