"இப்போது என்ன சம்பளம்?"
பேட்டியில் இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது?

"இப்போது என்ன சம்பளம் வாங்குகிறீர்கள்?"

வேலைக்கான பேட்டியில் இந்தக் கேள்வி பெரும்பாலும் வந்துவிடும். கேட்பவர் சாதாரணமாகத்தான் கேட்பார். பதில் சொல்பவர் ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண், பல ஆண்டுகள் அவர் காலைச் சுற்றிக்கொண்டு விடும்!

இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கே சாட்சி.

ஐலீன் ரிஸோ என்ற பெண், கணிதம் கற்பித்து வந்தவர். 2009-ம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தில், பிரெஸ்னோ என்ற மாவட்டத்தின் கல்வித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒரு விதி இருந்தது. புதிதாக வருகிறவரின் பழைய சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அதோடு 100-க்கு 5 வீதம் சேர்ப்பார்கள். அதுதான் புதுச் சம்பளம்!

அவருடைய பழைய சம்பளம் குறைவு. ஆகவே முதல் படியிலே வைத்தார்கள்.

2012-ல் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் சக ஊழியர்களோடு பேசிக்கொண்டு இருந்தார். அப்போது உண்மை வெளிவந்தது. அதே வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆணை, 9-வது படியில் வைத்திருந்தார்கள்!

ரிஸோ கோர்ட்டுக்குப் போனார். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. சுப்ரீம் கோர்ட்டு வரை போய்த் திரும்பி வந்தது. கடைசியில், 2020-ல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. "ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டு, அதற்குப் பழைய சம்பளத்தைக் காரணம் காட்டக்கூடாது" என்பது அதன் சாரம்.

கேட்கவே கூடாது

இதற்குள் பல மாநிலங்கள் விழித்துக்கொண்டன. கலிபோர்னியாவில் 2018 ஜனவரி முதல், வேலைக்கு வருகிறவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்கவே கூடாது. அதுமட்டும் அல்ல. "இந்த வேலைக்கு எவ்வளவு முதல் எவ்வளவு வரை?" என்று அவர் கேட்டால், முதலாளி சொல்லியாக வேண்டும்.

ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பும் 2023-ல் இதே போன்ற விதியை இயற்றியது. 2026 ஜூன் மாதத்துக்குள் அதைச் சட்டமாக்கும்படி உறுப்பு நாடுகளுக்குக் கெடு வைத்தது.

நம் நாட்டில் எப்படி?

ஆண், பெண் என்று பார்த்துச் சம்பளத்தில் வேற்றுமை காட்டக்கூடாது என்று 1976-லேயே இந்தியாவில் சட்டம் வந்தது. ஆனால், பழைய சம்பளத்தைக் கேட்கக்கூடாது என்று சட்டம் இல்லை. கேட்கிறார்கள். சம்பளச் சீட்டையும் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

ஆகவே, பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று எண்கள்

சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். "என்ன சம்பளம்?" என்று கேட்டால், "25,000" என்பாள். மாதந்தோறும் பாங்கியில் விழுவது அதுதான்.

ஆனால், அவள் சம்பளத்துக்கு மூன்று எண்கள் உண்டு.

அவளுக்காகக் கம்பெனி மாதம் செலவிடுவது 30,000 ரூபாய். இதைத்தான் "சி.டி.சி." என்கிறார்கள். இதில் கம்பெனியின் பங்காகப் பிராவிடண்ட் பண்டுக்கு 1,800 ரூபாய் போகிறது. பணிக்கொடை, மருத்துவ இன்சூரன்சு ஆகியவற்றுக்கு 1,200 ரூபாய் போகிறது. மீதி 27,000 ரூபாய். சம்பளச் சீட்டில் இருப்பது இது.

இதிலிருந்து, அவள் பங்குக்குப் பிராவிடண்ட் பண்டு 1,800 ரூபாய், தொழில் வரி சுமார் 200 ரூபாய் பிடிக்கிறார்கள். கைக்கு வருவது 25,000.

பேட்டி காணும் அதிகாரி மனதில் இருப்பது பெரும்பாலும் முதல் எண். அவள் சொன்னதோ கடைசி எண்!

"நூற்றுக்கு 30 கூட்டித் தருகிறோம்" என்கிறார் அதிகாரி. அவள் மகிழ்ந்துபோகிறாள். 25,000-க்கு 30 சதவீதம் கூட்டினால் 32,500. அதுவே புதுக் கம்பெனியில் அவளுடைய சி.டி.சி. ஆகிறது. பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு வரும்போது, 2,500 ரூபாய்கூட முழுதாகக் கூடியிருக்காது.

30,000 என்று சொல்லியிருந்தால்? 39,000 வந்திருக்கும். மாதம் 6,500 ரூபாய் வித்தியாசம். ஆண்டுக்கு 78,000!

அவள் பொய் சொல்லவில்லை. எந்த எண் என்று சொல்லத் தவறினாள். அவ்வளவுதான்.

முதலில் கேட்பது யார்?

சம்பள வரம்பைக் கேட்க நல்ல நேரம், கம்பெனியிலிருந்து முதன்முதலாக டெலிபோன் வரும்போதுதான். நம் எண்ணை நாம் சொல்லுமுன் கேட்க வேண்டும்.

"சார், இந்த வேலைக்கு எவ்வளவு முதல் எவ்வளவு வரை ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா? எனக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்வேன். உங்கள் நேரமும் வீணாகாது."

இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. காரணத்தையும் சேர்த்துச் சொல்வதால், கேட்பவருக்கும் கோபம் வராது.

"அது இருக்கட்டும். உங்கள் சம்பளத்தைச் சொல்லுங்கள்" என்றால், மறைக்க வேண்டாம்.

"சி.டி.சி. கணக்கில் மாதம் 30,000 சார். ஆனால், இப்போது நான் கணக்கு எழுதுவது மட்டுமே. இங்கே ஜி.எஸ்.டி. வேலையும் சேர்ந்திருக்கிறது. அதனால், இந்த வேலைக்கு உள்ள வரம்பை வைத்துப் பேசலாமா?"

எண்ணைச் சொன்ன அதே மூச்சில், பழைய வேலை வேறு, புது வேலை வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், பழைய எண்தான் பேச்சில் நிற்கும்.

"தகுதிக்கு ஏற்ப" என்று மழுப்பினால்? இன்னும் ஒரு முறை கேட்கலாம். "தோராயமாகச் சொன்னாலும் போதும் சார்." அதற்கும் பதில் இல்லை என்றால், மூன்றாம் முறை வேண்டாம். தனக்கு எது குறைந்தபட்சம் சம்மதமோ, அதைக் கீழ் எண்ணாக வைத்து, "38 முதல் 42 வரை எதிர்பார்க்கிறேன், சி.டி.சி. கணக்கில்" என்று சொல்லலாம். கீழ் எண்ணையே கொடுத்துவிடக் கூடும்! ஆகவே, கட்டாத எண்ணை அங்கே வைக்கக் கூடாது.

வரம்பைச் சொல்லிவிட்டால், இரண்டு கேள்வி பாக்கி. "இது சி.டி.சி.யா, கைக்கு வருவதா?" "மேல் எண் கிடைக்க என்ன அனுபவம் வேண்டும்?"

கூட்டிச் சொன்னால்?

30,000-ஐ 36,000 என்று சொன்னால் என்ன என்று சிலர் நினைப்பார்கள். அது ஆபத்து. வேலை முடிவான பிறகு, மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார்கள். பாங்கிக் கணக்கு கேட்பார்கள். வருமான வரிக்கான 16-ம் நம்பர் பாரம் கேட்பார்கள். பொய் வெளிப்பட்டால், கொடுத்த வேலையைத் திரும்ப வாங்கிவிடுவார்கள். அதற்குள் பழைய வேலையில் ராஜினாமா கொடுத்திருந்தால், இரண்டும் போய்விடும்!

சர்க்கார் உத்தியோகத்தில் இந்தப் பேச்சுக்கு இடம் இல்லை. விளம்பரத்திலேயே சம்பள விகிதம் போட்டிருக்கும். தனியார் கம்பெனியில்தான் இந்தச் சாமர்த்தியம் தேவை.

பேட்டிக்குப் புறப்படுமுன், சான்றிதழ்களை எடுத்து வைக்கும்போது, சம்பளச் சீட்டையும் ஒரு முறை பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்று எண்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு ஐந்து நிமிஷம் போதும். தவறினால், ஆண்டுக்கு 78,000!