சுற்றாத மோட்டார்தான் அதிகம் குடிக்கும்

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி

கேள்வி: எங்களிடம் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் இருக்கிறது. போன பருவத்தில் ஃபியூஸ் அடிக்கடி போனது. 5 ஆம்ப்ஸ் ஃபியூஸை எடுத்துவிட்டு 15 ஆம்ப்ஸ் போட்டுக்கொடுத்தார்கள். அதன்பிறகு ஃபியூஸ் போகவில்லை. ஆனால், பத்து நாள் சும்மா கிடந்த ஸ்பிரேயரை எடுத்து சுவிட்சைப் போட்டேன், ஓடவில்லை. சத்தமும் இல்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்து, சுவிட்சை அணைக்காமலே மருந்து கலக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அடிப்பக்கத்தில் புகை. காயில் கருகிவிட்டது என்கிறார்கள். ஓடாத மோட்டார், அதுவும் வெறும் 12 வோல்ட்டில், எப்படிக் கருகும்?
(தாராபுரம் பக்கத்து வாசகர்)

பதில்: உங்கள் மோட்டார் ஓடாததால்தான் கருகியது. ஓடியிருந்தால் தப்பித்திருக்கும். கேட்க விநோதமாக இருந்தாலும் காரணம் எளிமையானது. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

இந்த மோட்டாருக்குள் இருப்பது செம்புக் கம்பிச் சுருள். அதைத் தொட்டபடி இரண்டு கார்பன். சுற்றிலும் காந்தம். கம்பிக்கென்று ஒரு மின்தடை உண்டு. ஸ்பிரேயர்களில் வரும் சின்ன பம்ப் மோட்டாரில், கார்பனையும் சேர்த்து, அது சுமார் 1 ஓம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டை 1 ஓமில் கொடுத்தால் 12 ஆம்ப்ஸ் பாய வேண்டும். ஆனால், மருந்து அடிக்கும்போது மீட்டர் வைத்துப் பார்த்தால் 3 ஆம்ப்ஸ்தான் காட்டுகிறது. மீதி 9 ஆம்ப்ஸைத் தடுத்தது யார்?

சுழற்சிதான் தடுத்தது. காந்தத்துக்கு நடுவே செம்புச் சுருள் சுற்றினால் அதில் வோல்ட் பிறக்கும்; டைனமோவின் வேலையே அதுதான். பேட்டரி சுற்றவைத்தாலும் சரி, நாம் கையால் சுற்றினாலும் சரி, சுருளுக்கு வித்தியாசம் தெரியாது. சந்தேகம் இருந்தால், பம்ப் தலையைக் கழற்றிய மோட்டாரின் இரண்டு ஒயரிலும் மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, தண்டை விரலால் வேகமாகச் சுழற்றிப் பாருங்கள். பேட்டரியே இல்லாமல் மீட்டரில் ஒரு சின்ன எண் ஏறி இறங்கும். மோட்டார் ஓடும்போது இப்படிப் பிறக்கும் வோல்ட், பேட்டரியை எதிர்த்து நிற்கும். அதனால் இதை எதிர் வோல்ட் என்று சொல்வோம். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். நின்றுவிட்டால் அது பூஜ்யம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மருந்து அடிக்கும்போது 3 ஆம்ப்ஸ் ஓடுகிறது. 1 ஓம் கம்பியில் 3 ஆம்ப்ஸ் ஓட 3 வோல்ட் போதும். பேட்டரி கொடுப்பது 12. ஆக, மீதி 9 வோல்ட்டை எதிர் வோல்ட் பிடித்துவைத்திருக்கிறது. கம்பிக்குக் கிடைப்பது பேட்டரி வோல்ட்டில் எதிர் வோல்ட் போக மிச்சம் மட்டுமே. அந்த மிச்சத்தை மின்தடையால் வகுத்தால் கரண்ட் வந்துவிடும்.

```
I = (V − E) / R
நிற்கும்போது:   (12 − 0) / 1 = 12 ஆம்ப்ஸ்
பாதி வேகத்தில்: (12 − 4.5) / 1 = 7.5 ஆம்ப்ஸ்
ஓடும்போது:     (12 − 9) / 1 = 3 ஆம்ப்ஸ்
```

ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் மோட்டார் முதல் வரியிலிருந்துதான் கிளம்புகிறது. நல்ல மோட்டார் கண் இமைக்கும் நேரத்தில் மூன்றாவது வரிக்கு இறங்கிவிடும். அந்த 12 ஆம்ப்ஸ் வந்துபோனது மோட்டாருக்கும் தெரியாது, ஃபியூஸுக்கும் தெரியாது. ஃபியூஸ் உருகச் சற்று நேரம் வேண்டும். அதனால்தான் 5 ஆம்ப்ஸ் ஃபியூஸை வைத்துக்கொண்டு 12 ஆம்ப்ஸில் கிளம்பும் மோட்டாரை ஓட்ட முடிகிறது. கைப்பிடியை விட்டால் அழுத்தம் ஏறி பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும். மறுபடி அமுக்கினால் ஓடவைக்கும். ஒரு டேங்க் அடித்து முடிப்பதற்குள் இது எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சிக்கல், மோட்டார் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வதில்தான். கம்பியில் உண்டாகும் சூடு, கரண்ட்டை அதே கரண்ட்டால் பெருக்கி, மின்தடையாலும் பெருக்கினால் கிடைக்கும். ஓடும்போது 3 × 3 × 1 = 9 வாட். நிற்கும்போது 12 × 12 × 1 = 144 வாட். கரண்ட் நாலு மடங்கானால் சூடு பதினாறு மடங்கு. ரேடியோ கடையில் ஈயம் வைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். கைக்குள் அடங்கும் மோட்டாருக்குள் கிட்டத்தட்ட ஆறு சால்டரிங் அயர்னைச் சொருகி வைத்தது போல. ஓடும்போது பேட்டரி கொடுக்கும் 36 வாட்டில் 27 வாட் பம்பைத் தள்ளும் வேலைக்குப் போய்விடும். நின்றுவிட்டால் வேலை எதுவுமில்லை, வந்ததெல்லாம் சூடுதான். கம்பிமேல் பூசிய வார்னிஷ் அந்தச் சூட்டைச் சில நிமிடங்களுக்குமேல் தாங்காது.

உங்களை ஏமாற்றியது அந்த அமைதிதான். கிணற்று மோட்டார் சிக்கிக்கொண்டால் ‘ம்ம்ம்’ என்று உறுமும்; அது ஏ.சி. கரண்ட்டின் சத்தம். பேட்டரி மோட்டார் உறுமாது. சுவிட்ச் போட்டதும் ஒருவேளை ‘டுக்’ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். சத்தம் இல்லாவிட்டால் கரண்ட் இல்லை என்று நாம் நினைப்போம். நிஜத்தில் அப்போதுதான் நாலு மடங்கு கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. சார்ஜ் காட்டும் சின்ன விளக்கோ, வோல்ட் காட்டும் எண்ணோ ஸ்பிரேயரில் இருந்தால், சுவிட்சைப் போட்டபடியே அதைப் பாருங்கள். விளக்கு சட்டென்று மங்கினாலோ, எண் விழுந்தாலோ மோட்டார் சிக்கியிருக்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் ஒயரோ, கார்பனோ, சுவிட்சோ விட்டுப்போயிருக்கும், கரண்ட் போகவில்லை. இரண்டில் எதுவானாலும் முதலில் சுவிட்சை அணையுங்கள்.

ஃபியூஸ் விஷயத்துக்கு வருகிறேன். 5 ஆம்ப்ஸ் ஃபியூஸ் இருந்திருந்தால் 12 ஆம்ப்ஸ் தொடர்ந்து பாய்ந்ததும் சில விநாடிகளில் உருகியிருக்கும். 15 ஆம்ப்ஸ் ஃபியூஸுக்கு 12 ஆம்ப்ஸ் ஒரு பொருட்டே அல்ல. அதாவது, உங்கள் மோட்டார் எவ்வளவு முயன்றாலும் அந்த ஃபியூஸை உருக்க முடியாது. அதற்குப் பதில் ஒரு செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தாலும் இதே கதிதான். கிளம்பும் கரண்ட்டைப் பார்த்து ஃபியூஸ் வாங்கக் கூடாது. ஓடும் கரண்ட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும், நிற்கும் கரண்ட்டைவிட நன்றாகக் குறைவாகவும் இருக்க வேண்டும். 3-க்கும் 12-க்கும் நடுவே 5 சரியான இடம்.

இந்தக் கணக்கில் பேட்டரியையும் ஒயரையும் குறையில்லாதவையாக எடுத்துக்கொண்டேன். நிஜத்தில் அவற்றுக்கும் மின்தடை உண்டு. நல்ல பேட்டரி, ஒயர், சுவிட்ச் எல்லாம் சேர்த்து 0.2 ஓம் இருந்தால் நிற்கும் கரண்ட் 12-க்குப் பதில் 10 ஆம்ப்ஸ் ஆகும். பெரிய வித்தியாசமில்லை. ஆனால், உயிர் போன பழைய பேட்டரியில் உள்ளேயே 1 ஓம் இருந்தால், மொத்தம் 2 ஓம். கரண்ட் 6 ஆம்ப்ஸ்தான். 5 ஆம்ப்ஸ் ஃபியூஸ் 6 ஆம்ப்ஸில் வெகுநேரம் தாங்கும். மோட்டாரிலோ 6 × 6 × 1 = 36 வாட் சூடு, வழக்கத்தைப்போல நாலு மடங்கு. ஆகவே பேட்டரி கிழடாகிவிட்டால் சரியான ஃபியூஸ்கூட காப்பாற்றும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வோல்ட்டேஜ் குறைந்தால் கிணற்று மோட்டார் அதிக கரண்ட் இழுத்துக் காயில் போகும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது இந்த மோட்டாருக்குப் பொருந்தாது. பேட்டரி 12-லிருந்து 10 வோல்ட்டுக்கு இறங்கினாலும், பம்பின் அழுத்தம் மாறாதவரை அதே 3 ஆம்ப்ஸ்தான் இழுக்கும். எதிர் வோல்ட் 9-லிருந்து 7 ஆகும். அதே அளவில் வேகமும் குறையும். மருந்து சன்னமாக விழும், அவ்வளவுதான். இறங்கிக்கொண்டே போய் மோட்டாரால் கிளம்பவே முடியாத நிலை வரும்போதுதான் ஆபத்து.

சரி, ஆரம்பத்தில் ஃபியூஸ் ஏன் அடிக்கடி போனது? மோட்டார் அப்போதே இறுகத் தொடங்கியிருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. பம்ப் தலையில் இருக்கும் ரப்பர் டயாபிரம் கிழிந்தால் மருந்து கசிந்து பேரிங்கில் இறங்கித் துரு பிடிக்கவைக்கும். கழுவாமல் வைத்த தூள் மருந்து வால்வில் காய்ந்து கெட்டியாகும். கிளம்ப எடுக்கும் நேரம் நீளும், ஃபியூஸ் உருகும். பத்து நாள் கிடப்பில் கிடந்ததும் ஒரேயடியாக ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்ததும் இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரை பம்ப் வழியாக அடித்து, பிறகு டேங்க் காலியாக இருக்கும்போது அரை நிமிடம் ஓட்டி, உள்ளே இருப்பதை வெளியேற்றி வைத்தால் வால்வு ஒட்டாது.

இனி புது மோட்டார் வாங்கப்போகிறீர்கள். அதற்கு எந்த ஃபியூஸ் என்று கடையில் கேட்காமல் நீங்களே கண்டுபிடிக்கலாம். 1 ஓம் போன்ற சின்ன மின்தடையை மல்டிமீட்டரின் ஓம் பகுதியில் அளந்தால் சரியாக வராது. மீட்டர் ஒயரின் தடையும் கார்பனின் தொடுகையும் கணக்கைக் கெடுத்துவிடும். டிராக்டர் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை மோட்டாரோடு வரிசையாக இணையுங்கள். பேட்டரியிலிருந்து வரும் கரண்ட் பல்பு வழியாக மோட்டாருக்குள் போய்த் திரும்ப வேண்டும். பம்ப் தலையைக் கழற்றி, தண்டு சுற்றாதபடி பிளையரால் பிடித்துக்கொள்ளுங்கள். பல்பு இருப்பதால் கரண்ட் இரண்டு ஆம்ப்ஸைத் தாண்டாது, மோட்டாருக்கு ஆபத்தில்லை. மீட்டரை 10 ஆம்ப்ஸ் துளையில் வைத்து வரிசையில் இணைத்துக் கரண்ட்டைப் பாருங்கள். பிறகு மீட்டரை எடுத்துவிட்டு, ஒயரைச் சேர்த்து, மீட்டரின் ஒயரையும் வோல்ட் துளைக்கு மாற்றி, மோட்டாரின் இரண்டு முனைகளிலும் வோல்ட்டைப் பாருங்கள். 1.6 ஆம்ப்ஸும் 1.6 வோல்ட்டும் வந்தால் மின்தடை 1 ஓம். தண்டைக் கொஞ்சம் கொஞ்சம் திருப்பி மூன்று இடத்தில் அளந்து, சராசரி எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் உட்காரும் இடத்தைப் பொறுத்து எண் கொஞ்சம் மாறும்.

பம்பைப் பூட்டி, பல்பை எடுத்துவிட்டு, தண்ணீர் அடிக்கும்போது ஓடும் கரண்ட்டையும் ஒருமுறை அளந்து, இரண்டு எண்ணையும் டேங்கின் அடியில் பெயிண்ட்டால் எழுதி வையுங்கள். மூன்று ஆம்ப்ஸில் ஓடியது ஆறு மாதம் கழித்து அதே நாசிலில் நாலரை காட்டினால், ஃபியூஸ் போகும்வரை காத்திராமல் பம்ப் தலையைக் கழற்றிப் பார்க்கலாம்.