ஒரு தோய்ப்புக்கு எவ்வளவு?



வீட்டுச் செலவுக் கொப்பி எழுதப் பழகிய சகோதரிகளோடு இருந்து கணக்குப் பார்க்கும்போது அரிசி, மா, தேங்காய், பஸ் காசு என்று எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனால் உடுப்புத் தோய்க்கும் தூளுக்கு வந்ததும் "அது கடையில் அப்பப்ப வாங்கிறது, எவ்வளவெண்டு தெரியேல்லை" என்பார்கள். சின்னப் பக்கெற்றாக வாங்குவதால் அந்தச் செலவு கண்ணில் படுவதில்லை. இந்த மாதம் அதைத்தான் கணக்குப் பார்க்கப் போகிறோம்.

இப்போது கடைகளில் தூள் இருக்கிறது, திரவம் இருக்கிறது. நகரத்துப் பெரிய கடைகளில் கப்சியூலும் இருக்கிறது. சில வீடுகளுக்கு அது கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினரின் பொதியில் வந்து சேர்கிறது. எது மலிவு என்று கேட்டால் பலரும் பக்கெற்றில் உள்ள விலையைப் பார்த்துச் சொல்வார்கள். அந்த விலை எங்களுக்கு அரைவாசிக் கதையைத்தான் சொல்லும். ஒரு வாளி உடுப்புக்கு எவ்வளவு போடுகிறோம் என்பதில்தான் மிச்சக் கதை இருக்கிறது.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு அக்காவின் வீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். மூன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், வயதான தாயும் கூட இருக்கிறார். அக்கா தோட்ட வேலைக்குப் போய் வருகிறவர். கிழமையில் நான்கு தரம் கிணற்றடியில் தோய்ப்பு நடக்கும். ஒரு தரத்துக்கு ஒரு பத்து லீற்றர் வாளியில் ஊறவைப்பார். மாதத்துக்குப் பதினாறு தோய்ப்பு.

எவ்வளவு தூள் போடுவீர்கள் என்று கேட்டேன். "நான் ஒருநாளும் அளந்து போட்டதில்லை, பிள்ளை. கை பார்த்துத்தான் போடுவன். நுரை காணாட்டி இன்னும் கொஞ்சம்" என்றார். அந்தக் கைப்பிடியை ஒரு கடதாசியில் கொட்டி, பக்கத்துக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 55 கிராம் இருந்தது. அவர் பாவிக்கும் பக்கெற்றின் பின்புறத்தில் ஒரு வாளிக்கு 30 கிராம் என்று போட்டிருந்தது.

இனிக் கணக்கு. விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் இங்கே நான் போடுவது உதாரண விலைகள் மட்டுமே. உங்கள் கடை விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கிலோ தூள் 560 ரூபா என்று வைப்போம். ஒரு கிலோ என்பது 1000 கிராம். அதை 30ஆல் பிரித்தால் 33 தோய்ப்பு வரும். 560 ரூபாவை 33ஆல் பிரித்தால் ஒரு தோய்ப்புக்கு ஏறக்குறைய 17 ரூபா. அதே பக்கெற்றைக் கைப்பிடியாக, 55 கிராம் வீதம் போட்டால் 18 தோய்ப்புத்தான். ஒரு தோய்ப்பு 31 ரூபா ஆகிவிடும்.

மாதம் பதினாறு தோய்ப்புக்கு அளந்து போட்டால் 272 ரூபா. கைப்பிடியாகப் போட்டால் 496 ரூபா. தூளும் கடையும் மாறவில்லை. வித்தியாசம் 224 ரூபா.

இப்போது திரவத்தைப் பார்ப்போம். ஒரு லீற்றர் போத்தல் 900 ரூபா, வாளிக்கு 30 மில்லிலீற்றர் என்றால் அதுவும் 33 தோய்ப்பு வரும். ஒரு தோய்ப்புக்கு 27 ரூபா. அளந்து போட்ட தூளோடு ஒப்பிட்டால் இது கூட. ஆனால் கைப்பிடித் தூளின் 31 ரூபாவைவிடக் குறைவு. திரவத்துக்கு மாறி மிச்சம் பிடித்ததாகச் சிலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். மூடியில் அளந்து ஊற்றியதால்தான் அவர்களுக்குக் காசு மிஞ்சியது. தூளையும் அப்படி அளந்திருந்தால் இன்னும் மிஞ்சியிருக்கும்.

மூடியிலும் ஒரு கண் வைக்க வேண்டும். அதன் உட்புறத்தில் மெல்லிய கோடுகள் இருக்கும். சரியான அளவு பெரும்பாலும் மூடியின் கீழ்ப்பாதியிலேயே நிற்கும். மூடி நிறைய ஊற்றினால் இரட்டிப்பாகப் போய்விடும். கோடு தெரியாவிட்டால் நகப்பூச்சாலோ பேனையாலோ வெளியே ஒரு அடையாளம் போட்டுவிடுங்கள்.

தூளை அளக்கத் தராசு வேண்டியதில்லை. தேறிய நிறை எழுதப்பட்ட ஒரு சின்னப் பக்கெற்றை வெட்டி, சமையலுக்கு எடுக்காத ஒரு கரண்டியால், மேலே தட்டையாக வழித்து எண்ணுங்கள். 50 கிராம் பக்கெற்றில் ஐந்து கரண்டி வந்தால் ஒரு கரண்டி 10 கிராம். 30 கிராமுக்கு மூன்று கரண்டி. வேறு தூளுக்கு மாறினால் திரும்ப எண்ண வேண்டும். சில தூள் பாரம், சில தூள் பொருபொருவென்று இலேசு. அந்தக் கரண்டியைத் தூள் ரின்னுக்குள்ளேயே போட்டு வையுங்கள், அப்போதுதான் கை உள்ளே போகாது. ரின்னை இறுக்க மூட வேண்டும். ஈரம் பட்டுக் கட்டியான தூளைக் கரண்டியால் அளந்தால் அளவு பிழைக்கும்.

அன்றாடம் கூலி வாங்குகிற வீடுகளில் ஒரே தரத்தில் 560 ரூபா கொடுப்பது இலகுவல்ல என்பது எனக்குத் தெரியும். 50 கிராம் பக்கெற் 35 ரூபா என்றால் கிலோ 700 ரூபா ஆகிறது, அது கூடின விலைதான். ஆனால் இதில் பெரிய நட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வெட்டிய பக்கெற்றை மிச்சம் வைக்காமல் முழுக்க வாளிக்குள் கொட்டிவிடுகிறோம். அப்படிப் பார்த்தால் ஒரு தோய்ப்பு 35 ரூபா, மாதம் 560 ரூபா. ஒரு கிலோப் பக்கெற்றின் விலை முழுவதும் அதில் போய்விடுகிறது. அந்த ஒரு கிலோ, அளந்து போட்டால், இரண்டு மாதத்துக்குக் காணும். சின்னப் பக்கெற்தான் வாங்க முடியும் என்றாலும் மூன்று கரண்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு மூடியுள்ள போத்தலில் போட்டு வைக்கலாம். மாதர் சங்கத்தில் பக்கத்து வீடுகள் இரண்டு மூன்று சேர்ந்து பெரிய பக்கெற் வாங்கிக் கரண்டிக் கணக்கில் பிரித்துக்கொள்ளலாம். வாங்கும்போது விலையோடு தேறிய நிறையையும் பாருங்கள். விலை ஏறாமல் நிறை மட்டும் குறைந்த பக்கெற்றும் வரும்.

அளவைக் குறைத்தால் ஊத்தை போகுமா என்று அந்த அக்காவும் கேட்டார். நுரையை வைத்து அளவைத் தீர்மானிக்கக் கூடாது. கையால் தோய்க்கும் தூள்களில் நுரை நன்றாக வரும்படியே செய்கிறார்கள். ஊத்தையை எடுப்பது நுரையல்ல, தண்ணீரில் கரைந்திருக்கும் தூளும், ஊறும் நேரமும், கசக்குவதும்தான். அளவு கூடிவிட்டதா என்பதை அலசும்போது கண்டுபிடிக்கலாம். மூன்றாவது வாளித் தண்ணியிலும் நுரை வந்தால், காய்ந்த கறுப்புச் சட்டையில் வெள்ளைத் திட்டுத் தெரிந்தால், உடுப்பு விறைப்பாக இருந்தால், கை எரிந்தால் அளவு கூட. வெள்ளைச் சீருடை பழுப்பாக வந்தாலோ, ஸ்திரிக்கை போடும்போது வியர்வை மணம் எழும்பினாலோ அளவு காணாது. ஒரேயடியாகக் குறைக்காமல் கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துப் பாருங்கள். அக்கா அப்படித்தான் செய்தார். சீருடை வாளிக்கு மூன்றரைக் கரண்டி, மற்ற வாளிகளுக்கு மூன்று என்று இப்போது நிற்கிறார். சட்டைக் கழுத்துக்குச் சலவைச் சவர்க்காரக் கட்டியால் ஒரு தேய் தேய்க்கிறார். அந்த ஊத்தைக்காக முழு வாளிக்கும் தூள் கூட்டத் தேவையில்லை.

தண்ணீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். அதனால் கிணற்றுத் தண்ணி வன்னீர். கேத்திலின் உட்புறம் வெள்ளைப் படை பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் உங்கள் தண்ணியும் அப்படித்தான். வன்னீரில் தூளின் ஒரு பங்கு தண்ணீரோடு மல்லுக்கட்டுவதிலேயே செலவாகும், சவர்க்காரக் கட்டியோ நுரைக்காமல் திரையாகப் படியும். அங்கே அரைக் கரண்டி, ஒரு கரண்டி கூடத் தேவைப்படலாம். மாரியில் மழைத் தண்ணி பிடித்துத் தோய்த்தால் குறைவாகவே காணும்.

ஊத்தையின் வகையும் முக்கியம். தூளில் சலவைச் சோடா இருப்பதால் சேற்று ஊத்தைக்கும் வயல் உடுப்புக்கும் தூள் நல்லது. எண்ணெய், மீன் கறி பட்ட இடத்தில் திரவத்தை ஒரு துளி நேரே பூசிக் கால் மணித்தியாலம் விட்டால் நன்றாகப் போகும். வாங்க முடிந்தவர்கள் வாளிக்குத் தூளும் கறைக்குத் திரவமும் என்று வைத்துக்கொண்டால் ஒரு போத்தல் பல மாதம் வரும். சில இடங்களில் தண்ணிப் போத்தலில் நிரப்பி, சுட்டி ஒட்டாமல் விற்கும் திரவத்துக்கு இந்தக் கணக்குப் போட முடியாது. எவ்வளவு தண்ணி கலந்திருக்கிறது என்று தெரியாது. பிள்ளைகள் குடித்துவிடும் ஆபத்தும் உண்டு.

கடைசியாகக் கப்சியூல். இது சலவை இயந்திரத்துக்கென்றே செய்யப்பட்டது, கிணற்றடிக்கு அல்ல. பெட்டியில் 15 கப்சியூல், விலை 1800 ரூபா என்றால் ஒன்று 120 ரூபா. இயந்திரம் நிறையப் போட்ட உடுப்புக்கு 80 கிராம் தூள் தேவை என்றால் மேலே சொன்ன விலையில் 45 ரூபா, 60 மில்லிலீற்றர் திரவம் என்றால் 54 ரூபா. அரை இயந்திர உடுப்புக்குத் தூளையும் திரவத்தையும் குறைக்கலாம். கப்சியூலைப் பாதியாக்க முடியாது. நான்கு சட்டைக்கும் 120 ரூபாதான். முன்பக்கம் திறக்கும் இயந்திரம் உள்ளவர்கள் கைத்தோய்ப்புத் தூளைப் போட வேண்டாம், நுரை பொங்கும். இயந்திரத்துக்கென்று எழுதிய தூளை வாங்குங்கள்.

பொதியில் இலவசமாக வந்தாலும் கப்சியூலை உடைத்து வாளிக்குள் ஊற்றாதீர்கள். உள்ளே இருப்பது மிகவும் செறிந்த திரவம். ஒரு வாளிக்கு அது மிகக் கூட, கைத்தோலையும் புண்ணாக்கும். இயந்திரம் உள்ள வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மாற்றாகத் தூள் வாங்கிக்கொள்வது நல்லது. பாவிப்பவர்கள் உலர்ந்த கையால் எடுத்து, உடுப்புக்கு முதல் வெறும் தொட்டிக்குள் போட வேண்டும். ஈரக் கை பட்டால் மேல் தோல் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டும். நிறம் நிறமாக இனிப்புப் போல இருப்பதால் சின்னப் பிள்ளைகள் கடித்துவிடுவார்கள். பல நாடுகளில் இப்படிப் பிள்ளைகள் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். பெட்டியை மூடி, உயரத்தில் வையுங்கள். பிள்ளை கடித்துவிட்டால் வாயைத் துடைத்துக் கழுவுங்கள், சத்தி எடுக்க வைக்க வேண்டாம். கண்ணில் தெறித்தால் சுத்தமான தண்ணீரை 15 நிமிடமாவது தொடர்ந்து ஊற்றிக் கழுவுங்கள். எதுவானாலும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆசுப்பத்திரிக்குப் போங்கள்.